கட்டிய பணம் எங்கே எழுதியிருக்கிறது?

போனில் இடம் போதவில்லை என்று ஒரு கேமை நீக்குகிறோம். சில வாரம் கழித்து ஆசை வந்து மறுபடி இறக்கிக்கொள்கிறோம். ஆறு மாதம் முன்பு 199 ரூபாய் கட்டி அதில் விளம்பரங்களை நிறுத்தியிருந்தோம். இப்போது முதல் கட்டத்தை முடித்ததுமே அரை நிமிட விளம்பரம் ஓடுகிறது. “அம்மா, இதுக்கு நீ அன்னைக்கே காசு கட்டினியேம்மா?” என்று பையன் கேட்கிறான். அம்மாவிடம் பதில் இல்லை. வங்கியில் இருந்து வந்த பழைய குறுஞ்செய்தி மட்டும் இருக்கிறது.

இந்த இடத்தில் பலர் மறுபடி பணம் கட்டிவிடுகிறார்கள். மற்றவர்கள் ஏமாற்றிவிட்டார்கள் என்று ஒற்றை நட்சத்திரம் கொடுத்துவிட்டுக் கேமை நீக்குகிறார்கள். இரண்டுக்குமே பெரும்பாலும் அவசியம் இல்லை. விளம்பர நீக்கம், கூடுதல் கட்டங்கள், முழுப் பதிப்பு போன்ற ஒருமுறை வாங்கும் பொருள்களைப் பொறுத்தவரை, வாங்கிய உரிமை கேமை நீக்குவதால் அழிவதில்லை. அது பத்திரமாக ஓரிடத்தில் இருக்கிறது. அந்த இடத்தில் கேம் கேட்கவில்லை, அல்லது கேட்டுவிட்டுப் பதில் வருவதற்குள் முடிவு கட்டிவிட்டது. கோளாறு பெரும்பாலும் இவ்வளவுதான்.

பணம் கட்டும் நொடியில் அந்தச் செய்தி இரண்டு இடங்களில் எழுதப்படுகிறது. ஒன்று கடையின் கணக்குப் புத்தகம். ஆண்ட்ராய்டு போனில் கூகுள் பிளேயும், ஐபோனில் ஆப்பிளின் ஆப் ஸ்டோரும் தங்கள் சர்வரில் ‘இந்தக் கணக்கு இந்தப் பொருளை வாங்கியது’ என்று பதிந்துகொள்கின்றன. இன்னொன்று, கேம் தனக்காகப் போனுக்குள் எழுதிக்கொள்ளும் சிறு குறிப்பு. ‘விளம்பரம் வேண்டாம்: ஆம்’ என்கிற அளவுக்கு ஒரே ஒரு வரி. யூனிட்டி என்ற மென்பொருளில் செய்யப்படும் கேம்களில் இந்தக் குறிப்பு வழக்கமாக `PlayerPrefs` என்ற இடத்தில் உட்காரும். கேமை நீக்கும்போது போனில் உள்ள குறிப்பு கேமோடு சேர்ந்து போய்விடும். கடையின் பதிவு அப்படியே இருக்கும்.

வீட்டில் இருந்த பத்திர நகல் மழையில் நனைந்து கிழிந்தால் நிலம் கைவிட்டுப் போவதில்லை. சார்பதிவாளர் அலுவலகத்தில் வில்லங்கச் சான்று போட்டுப் பார்த்தால் உரிமையாளர் பெயர் நிற்கும். கேம் செய்ய வேண்டியதும் அதுதான். திறக்கும் ஒவ்வொரு முறையும் கடையிடம் ‘இவர் என்னென்ன வைத்திருக்கிறார்?’ என்று கேட்க வேண்டும். போனுக்குள் இருக்கும் குறிப்பை நகலாக மட்டுமே நடத்த வேண்டும்.

சிறு குழுக்கள் செய்யும் கேம்கள் பலவற்றில் இந்தக் கேள்வியே இருப்பதில்லை. வாங்கும் பொத்தானை அழுத்தினால் பணம் போகிறதா, விளம்பரம் நிற்கிறதா என்று மட்டும் சோதித்துவிட்டு வெளியிட்டுவிடுகிறார்கள். கேமை நீக்கி மறுபடி போட்டுப் பார்ப்பவர்களையும் ஏமாற்றும் ஒரு விஷயம் உண்டு. ஆண்ட்ராய்டு 6 பதிப்பில் இருந்து, ஒவ்வொரு ஆப்பின் தகவல்களையும் 25 எம்பி வரை கூகுள் கணக்கில் தானாகவே காப்பு எடுத்து வைக்கும் வசதி இருக்கிறது. அந்த ஆப்பை மறுபடி நிறுவினால் பழைய குறிப்பும் கூடவே திரும்பி வந்துவிடலாம். கேமை எழுதியவர் தன் போனில் நீக்கிப் போட்டுப் பார்க்கிறார், விளம்பரம் வரவில்லை, மீட்டெடுப்பு வேலை செய்கிறது என்று நம்பிவிடுகிறார். திரும்பி வந்தது கடையின் பதில் அல்ல, காப்பில் இருந்த பழைய குறிப்பு. காப்பு வசதியை அணைத்து வைத்திருப்பவர் போனில் அதே கேம் கைவிரித்துவிடும்.

திறந்த முதல் சில நொடிகள்

கடையிடம் கேட்கும் கேம்களிலும் கோளாறு வருகிறது. அங்கே பிரச்சினை கேட்கும் நேரத்தில் இருக்கிறது.

கேம் திறந்ததும் நடப்பதைக் கொஞ்சம் மெதுவாக ஓட்டிப் பார்ப்போம். முதலில் நிறுவனத்தின் சின்னம் தெரியும். பின்னணியில் விளம்பர மென்பொருள் விழித்துக்கொண்டு முதல் விளம்பரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். அதே சமயம் கடையுடன் தொடர்பு ஏற்படுத்தும் பகுதியும் கிளம்பும். அதற்குப் பதில் வர, இணையத்தின் வேகத்தைப் பொறுத்து ஒரு நொடியும் ஆகலாம், பத்து நொடியும் ஆகலாம். அதற்குள் முதல் திரை வந்துவிடுகிறது. ‘விளம்பரம் காட்டலாமா?’ என்று அந்தத் திரை குறிப்பைப் பார்க்கிறது. புதிதாக நிறுவிய போனில் குறிப்பு காலி. காலி என்றால் ‘வாங்கவில்லை’ என்று எடுத்துக்கொண்டு விளம்பரத்தைக் காட்டிவிடுகிறது. மூன்று நொடி கழித்துக் கடையில் இருந்து ‘இவர் வாங்கியவர்தான்’ என்று பதில் வருகிறது. அந்தப் பதிலைக் கேட்டு ஏற்கெனவே போட்ட முடிவை மாற்ற நிரலில் யாரும் எழுதி வைக்கவில்லை. ஆட்டம் முடியும்வரை விளம்பரம் ஓடிக்கொண்டே இருக்கும்.

இந்த வகைக் கோளாறை ஆடுகிறவரே கண்டுபிடிக்கலாம். கேமை மூடிவிட்டு இரண்டாம் முறை திறக்கும்போது விளம்பரம் நின்றுவிட்டால், கடையின் பதில் முதல் முறையே வந்து எழுதப்பட்டிருக்கிறது, திரைதான் அதற்காகக் காத்திருக்கவில்லை என்று அர்த்தம். நல்ல இணையம் உள்ள இடத்தில் சரியாகவும், பேருந்தில் போகும்போது தவறாகவும் நடந்தாலும் காரணம் இதேதான்.

இதன் வேர் மிகச் சிறிய ஒரு தவறில் இருக்கிறது. ‘வாங்கினாரா?’ என்ற கேள்விக்கு ஆம், இல்லை என்று இரண்டே விடைகள் வைத்திருக்கிறார்கள். ‘இன்னும் தெரியவில்லை’ என்று மூன்றாவதாக ஒரு விடை வேண்டும். அந்த நிலையில் இருக்கும்வரை விளம்பரமும் காட்டக்கூடாது, வாங்கச் சொல்லியும் கேட்கக்கூடாது. கடை பதில் சொன்ன பிறகே ஏதாவது ஒரு பக்கம் சாய வேண்டும். இணையமே இல்லாவிட்டால்? கடைசியாகத் தெரிந்த ‘ஆம்’ இருந்தால் அதையே நம்பலாம். பணம் கட்டாத ஒருவர் இணையம் இல்லாத நேரத்தில் விளம்பரம் இல்லாமல் கொஞ்ச நேரம் ஆடிவிட்டுப் போவதால் யார் குடியும் மூழ்கிவிடாது. பணம் கட்டியவர் முன்னால் விளம்பரத்தை ஓட்டுவதுதான் பெரிய நஷ்டம்.

ரசீதைச் சரிபார்க்கத் தன் சொந்த சர்வரை வைத்திருக்கும் நிறுவனங்களிலும் இதே தவறு பெரிய அளவில் நடக்கும். போலி ரசீதுகளைத் தடுப்பதற்காகச் சரிபார்ப்பது நியாயமானதுதான். ஆப்பிளும் கூகுளும் ஒவ்வொரு ரசீதிலும் தங்கள் டிஜிட்டல் கையொப்பத்தை இட்டே கொடுக்கின்றன. ஆனால் அந்த சர்வர் ஒரு மணி நேரம் படுத்துவிட்டால், ‘பதில் இல்லை’ என்பதை ‘ரசீது செல்லாது’ என்று எடுத்துக்கொள்ளும் கேம், பணம் கட்டிய அத்தனை பேரையும் ஒரே நாளில் வெளியே தள்ளிவிடும். உரிமையைப் பறிக்கக் கடையே தெளிவாகச் சொல்ல வேண்டும். பணம் திருப்பித் தரப்பட்டிருந்தால், ஆப்பிளின் ரசீதில் அது திரும்பப் பெறப்பட்ட தேதியே இருக்கும். அதைப் பார்த்து நிறுத்தினால் யாரும் குறை சொல்ல முடியாது.

ஒவ்வொரு முறையும் கேட்கச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. எல்லா வாங்கலும் கேம் திறந்திருக்கும்போதே முடிவதில்லை. ஐபோனில் பிள்ளை ஒரு பொருளை வாங்கக் கேட்டால் பெற்றோரின் போனுக்கு அனுமதி கேட்டுச் செய்தி போகும்படி அமைக்கலாம். அப்பா வேலை முடிந்து மாலையில் அனுமதிக்கும்போது கேம் மூடியிருக்கும். கூகுள் பிளேயிலும் சில கட்டண முறைகளில் பணம் உடனே உறுதியாகாமல் `PENDING` நிலையில் நிற்கும். அதனால்தான் கூகுள், கேம் முன்னுக்கு வரும் ஒவ்வொரு முறையும் `queryPurchasesAsync` என்ற கேள்வியைக் கேட்கச் சொல்கிறது. ஆப்பிளின் புதிய முறையில், அதாவது 2021இல் ஐஓஎஸ் 15உடன் வந்த ஸ்டோர்கிட் 2இல், கேம் தொடங்கியதுமே `Transaction.updates` என்பதைக் கவனித்தபடி இருக்க வேண்டும். கையில் உள்ள உரிமைகளை `Transaction.currentEntitlements` சொல்லும்.

கூகுள் பக்கம் இப்படிக் கேட்காமல் விட்டால் விபரீதம் ஒன்று நடக்கும். பணம் உறுதியான பிறகு, ‘பொருளைக் கொடுத்துவிட்டேன்’ என்று கேம் மூன்று நாளுக்குள் கூகுளுக்கு ஒப்புகை அனுப்பியாக வேண்டும். அனுப்பாவிட்டால் கூகுள் பணத்தைத் தானாகவே திருப்பிக் கொடுத்துவிட்டு உரிமையையும் ரத்து செய்துவிடும். வாங்கினோம், இரண்டு நாள் நன்றாக இருந்தது, பிறகு காணோம் என்று சொல்பவர்கள் மின்னஞ்சலில் பணம் திரும்பியதற்கான செய்தி வந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வந்திருந்தால் பணம் தொலையவில்லை. ஒப்புகையை அனுப்பத் தவறியது கேம்.

ஐபோனில் ஏன் ஒரு பொத்தான்

ஆண்ட்ராய்டில் கேம் சத்தமில்லாமல் கேட்டு வாங்கிக்கொள்கிறது. ஐபோனில் மட்டும் ஏன் அமைப்புகளுக்குள் போய் ‘Restore Purchases’ என்ற பொத்தானைத் தேடி அழுத்த வேண்டியிருக்கிறது?

ஆப்பிளிடம் முழுப் பட்டியலையும் புதிதாக வரவழைக்கச் சொன்னால், பல நேரங்களில் கணக்கின் கடவுச்சொல்லைக் கேட்டு ஒரு பெட்டி எழும். கேமைத் திறந்ததுமே காரணம் தெரியாமல் கடவுச்சொல் கேட்டால் யாருக்கும் பயம் வரும். எனவே, ஆடுகிறவர் தானே அழுத்தினால் மட்டும் இதைச் செய்யுங்கள் என்கிறது ஆப்பிள். அதோடு, மீட்டெடுக்கக் கூடிய பொருள்களை விற்கும் ஆப்பில் மீட்டெடுக்கும் வழி இருக்க வேண்டும் என்பது அதன் விதிகளில் 3.1.1 என்ற பிரிவில் இருக்கிறது. பொத்தானே இல்லாத கேம் அந்த விதியை மீறுகிறது.

பொத்தான் இருக்கிறது என்பதால் தொடக்கத்தில் கேட்க வேண்டாம் என்று அர்த்தமில்லை. ஸ்டோர்கிட் 2இன் `currentEntitlements` கடவுச்சொல் கேட்காமலே பதில் சொல்லும். கேம் திறந்ததும் அதைப் பார்த்துவிட்டு, அதில் கிடைக்காதவர்களுக்காகப் பொத்தானை வைத்திருப்பதே சரியான முறை. யூனிட்டியில் எழுதுகிறவர்கள் இங்கே அடிக்கடி சறுக்குகிறார்கள். அதன் விற்பனைப் பகுதி ஆண்ட்ராய்டில், மறுபடி நிறுவிய பின் முதல் தொடக்கத்திலேயே பழைய பொருள்களைத் தானாக மீட்டுக் கொடுத்துவிடும். ஆண்ட்ராய்டில் சரியாக நடக்கிறதே என்று ஐபோனுக்கும் அதே நிரலை அப்படியே அனுப்பிவிடுகிறார்கள். அங்கே யாரோ ஒருவர் பொத்தானை அழுத்தி `RestoreTransactions` கூப்பிடப்பட்டால்தான் வரும் என்பது விமர்சனங்கள் குவிந்த பிறகே தெரிகிறது.

ஒரு போனை எடுத்துப் பார்ப்போம்

தொடக்கத்தில் சொன்ன அம்மாவின் போனுக்கே வருவோம். அது ஆண்ட்ராய்டு என்று வைத்துக்கொள்வோம். அதில் இரண்டு கூகுள் கணக்குகள்: ஒன்று அம்மாவுடையது, மற்றொன்று பள்ளி வகுப்புக்காகப் பையனுக்குத் தொடங்கியது. நம் வீடுகளில் இது சாதாரணம்.

முதலில் பிளே ஸ்டோரைத் திறந்து மேலே உள்ள படத்தைத் தொட்டு, பணம் செலுத்தல்கள், சந்தாக்கள் பகுதியில் உள்ள வரலாற்றைப் பார்க்க வேண்டும். அங்கே அந்த 199 ரூபாய் இருந்தால் பக்கத்தில் `GPA.` என்று தொடங்கும் ஆர்டர் எண் இருக்கும். இல்லை என்றால் மற்றொரு கணக்குக்கு மாறிப் பார்க்க வேண்டும். அம்மாவின் கணக்கில் கிடைக்கிறது என்று கொள்வோம்.

அடுத்து, கேமை இந்த முறை இறக்கியது எந்தக் கணக்கு? இது முக்கியம். போனில் எத்தனை கணக்குகள் இருந்தாலும், எந்தக் கணக்கின் வழியாகக் கேம் இறக்கப்பட்டதோ அந்தக் கணக்கின் பெயரில்தான் கூகுள் பிளே பதில் சொல்லும். பையன் தன் கணக்கில் இருந்தபடி இறக்கியிருந்தால், கேம் எத்தனை முறை கேட்டாலும் ‘இவர் எதுவும் வாங்கவில்லை’ என்றே பதில் வரும். பதில் உண்மைதான், கேட்ட ஆள்தான் மாறிவிட்டார். தீர்வு எளிது: கேமை நீக்கிவிட்டு, பிளே ஸ்டோரில் அம்மாவின் கணக்குக்கு மாறி, அங்கிருந்தே இறக்க வேண்டும். குடும்பக் குழுவில் சேர்த்துவிட்டால் போதாதா என்றால், கூகுளின் குடும்ப நூலகத்தில் கேமுக்குள் வாங்கும் பொருள்கள் பகிரப்படுவதில்லை. ஆப்பிளில் கேமை வெளியிட்டவர் அனுமதித்திருந்தால் மட்டும் விளம்பர நீக்கம் போன்றவற்றைக் குடும்பத்தினர் பகிரலாம்.

கணக்கு சரிதான், இருந்தும் விளம்பரம் வருகிறது என்றால் ஒரு சோதனை இருக்கிறது. கேமுக்குள் அதே பொருளின் வாங்கும் பொத்தானைத் தொடுங்கள். பணம் கட்டும் இறுதிப் பொத்தானைத் தொட வேண்டாம். கடை என்ன காட்டுகிறது என்று மட்டும் பாருங்கள். ‘இது ஏற்கெனவே உங்களிடம் உள்ளது’ என்று வந்தால் கடையின் பதிவு முழுமையாக இருக்கிறது, கேம்தான் கேட்கவில்லை. தயாரிப்பாளருக்கு எழுதும்போது இந்த ஒரு வாக்கியத்தைச் சேர்த்தால், அவர் தன் நிரலில் எங்கே பார்ப்பது என்று உடனே புரிந்துகொள்வார்.

மாறாக, அதே கணக்கில், புது வாடிக்கையாளரிடம் கேட்பதுபோல 199 ரூபாய் என்று விலைப் பட்டியல் வந்தால் விஷயம் வேறு. மூடிவிடுங்கள், கட்டாதீர்கள். வரலாற்றில் பணம் கட்டியது இருக்கிறது, ஆனால் கையிருப்பில் பொருள் இல்லை. பணம் திரும்பிவிட்டதா என்று முதலில் பார்க்க வேண்டும். திரும்பவில்லை என்றால் பெரும்பாலும் தவறு இதுதான்: கேமை எழுதியவர் நிலையான பொருளை, ‘செலவழிந்தது’ என்று கடையிடம் சொல்லிவிட்டிருக்கிறார்.

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். நூறு நாணயம், ஐந்து உயிர் போன்றவை வாங்கியதும் செலவாகும் பொருள்கள். மறுபடி வாங்க வேண்டும் என்பதால், கொடுத்து முடித்ததும் கேம் கூகுளிடம் ‘இதைச் செலவழித்தாயிற்று’ என்று சொல்லும். உடனே அது கையிருப்புப் பட்டியலில் இருந்து போய்விடும். விளம்பர நீக்கத்துக்கு இதைச் சொல்லவே கூடாது, ஒப்புகை மட்டும் அனுப்ப வேண்டும். யூனிட்டியில் ஒரு பொருளின் வகையைக் குறிக்கும் இடத்தில் `NonConsumable` என்பதற்குப் பதில் `Consumable` என்று இருந்தாலே போதும், ஒவ்வொரு விற்பனையும் அந்த நொடியே செலவானதாகிவிடும். போனில் உள்ள குறிப்பு இருக்கும்வரை யாருக்கும் தெரியாது. கேமை நீக்கிய அன்றுதான் வெளியே வரும். தயாரிப்பாளர் நிரலைத் திருத்தினாலும் பழைய வாங்கல்கள் பட்டியலுக்குத் திரும்பாது. ஆர்டர் எண்ணைக் காட்டும் ஒவ்வொருவருக்கும் அவர் வேறு வழியில் உரிமையைக் கொடுத்தாக வேண்டும். அந்த எண்ணைப் பத்திரமாக வைத்திருப்பவருக்கே இங்கே பலம். ஆப்பிளில் அதே விவரம் மின்னஞ்சல் ரசீதிலும் `reportaproblem.apple.com` பக்கத்திலும் கிடைக்கும்.

கடையால் திருப்பித் தர முடியாதவை

நாணயங்களும் உயிர்களும் கடையின் கையிருப்புப் பட்டியலில் இல்லை என்பதால், எந்த மீட்டெடுப்புப் பொத்தானும் அவற்றைக் கொண்டுவராது. இரண்டாயிரம் நாணயம் வாங்கி முந்நூறைச் செலவழித்திருந்தால், மிச்சம் ஆயிரத்து எழுநூறு என்பது கேமுக்கு மட்டுமே தெரியும். கேம் அதைத் தன் சர்வரில் எழுதி, நம் கணக்கோடு கட்டி வைத்திருந்தால் திரும்பக் கிடைக்கும். ‘கெஸ்ட்’ என்ற பெயரில் கணக்கு எதுவும் இல்லாமல் ஆடினால் அந்த இருப்பு பெரும்பாலும் இந்தப் போனில் இந்த நிறுவலோடு முடிந்துவிடும். வாங்கிய நாணயங்களுக்குக் காலாவதி வைக்கக்கூடாது என்று ஆப்பிளின் விதி சொல்கிறது. ஆனால் யாருடையது என்றே பதியாத நாணயத்தை எந்த விதியாலும் தேடித் தர முடியாது. நாணயத்தை விற்கும் கேம், பணத்தை வாங்குவதற்கு முன்பே கணக்கோடு இணைத்துக்கொள்ளச் சொல்ல வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

ஆண்ட்ராய்டில் இருந்து ஐபோனுக்கு மாறுகிறவர்களுக்கும் இதேதான். கூகுளின் பதிவு ஆப்பிளுக்குத் தெரியாது. இரண்டையும் இணைப்பது கேமின் சொந்தக் கணக்கு ஒன்றே.

கேம் எழுதுகிற தமிழ் இளைஞர்கள் இப்போது நிறையப் பேர். அவர்களிடம் ஒரு வேண்டுகோள். வெளியிடுவதற்கு முன், சோதனைக் கணக்கில் விளம்பர நீக்கத்தை வாங்குங்கள். காப்பு வசதியை அணைத்துவிட்டுக் கேமை நீக்குங்கள். மறுபடி நிறுவி, இணையத்தை வேண்டுமென்றே மெதுவாக்கித் திறந்து பாருங்கள். பிறகு இணையமே இல்லாமல் ஒருமுறை திறந்து பாருங்கள். ஒரு மாலை நேரத்து வேலை இது. ஆடுகிறவர்களும், அடுத்த முறை எந்தக் கேமையும் நீக்குவதற்கு முன், அதில் பணம் கட்டியது எந்தக் கணக்கு என்று ஒருமுறை பார்த்து, ஆர்டர் எண்ணைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.